ஃபிளாஸ்க்கின் வெப்பத் தடை: மிச்சக் காற்று எவ்வளவு, கதிர்வீச்சு எவ்வளவு?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். 1 லிட்டர் கண்ணாடி ஃபிளாஸ்க்கில் காலை 6 மணிக்கு 90 டிகிரி வெந்நீர் ஊற்றி வைத்தேன். மாலை 6 மணிக்கு 75.5 டிகிரி இருந்தது. அறை வெப்பநிலை 30. மொத்த வெப்பத் தடை கிடைத்துவிட்டது. அதில் வெற்றிடத்தில் மிஞ்சிய காற்று கடத்துவது எவ்வளவு, வெள்ளிப் பூச்சைத் தாண்டிப் போகும் கதிர்வீச்சு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

பதில்:

வெந்நீர் ஆறும் கணக்கை வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். தர்மபுரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது ஒரு கோடை விடுமுறை முழுக்க அதில் போனது. அந்த வழி ஏன் அடைபடுகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு பிரித்துக் காட்டிய வழியைச் சொல்கிறேன். வெந்நீருக்குப் பதில் ஐஸ் வைத்தால் பிரிகிறது.

உங்கள் எண்களை நானும் போட்டுப் பார்த்தேன். குப்பியில் ஏறக்குறைய 950 கிராம் தண்ணீர் பிடிக்கும். உட்கண்ணாடியின் பங்கையும் சேர்த்தால் ஒரு டிகிரி இறங்க 4100 ஜூல் வெளியேற வேண்டும். அறையைவிட 60 டிகிரி மேலே இருந்தது 12 மணி நேரத்தில் 45.5 டிகிரிக்கு வந்திருக்கிறது. மடக்கைக் கணக்குப் போட்டால் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 26 மில்லிவாட் வெளியே போகிறது. தலைகீழாகச் சொன்னால் வெப்பத் தடை ஒரு வாட்டுக்கு 38 டிகிரி. நல்ல ஃபிளாஸ்க்தான்.

இனி நான் தடையை விட்டுவிட்டு அந்த 26 போன்ற எண்ணையே பேசப்போகிறேன். அதைக் கசிவு என்று வைத்துக்கொள்வோம், அலகு ஒரு டிகிரிக்கு மில்லிவாட். வெப்பம் வெளியேறும் பாதைகள் எல்லாம் பக்க இணைப்பில் இருப்பதால் தடைகளைக் கூட்ட முடியாது, கசிவுகளைக் கூட்டலாம். மாணவர்களுக்கும் இப்படிச் சொன்னால் சட்டென்று பிடிபடும்.

அந்தப் பாதைகள் நான்கு. ஒன்று, இரண்டு சுவர்களுக்கும் நடுவே மிஞ்சிய காற்று. இரண்டு, அதே இடைவெளியைத் தாண்டும் கதிர்வீச்சு. மூன்று, உட்குப்பியும் வெளிக்குப்பியும் வாய் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவே, அந்தக் கழுத்துக் கண்ணாடி. நான்கு, மூடி. நீங்கள் கேட்டது முதல் இரண்டைப் பற்றி. ஆனால் வெந்நீர் ஊற்றிய ஃபிளாஸ்க்கில் பெரும் பங்கை நான்காவது விழுங்கிவிடுகிறது.

கதிர்வீச்சைப் பிரிக்க நம்மிடம் இருக்கும் ஒரே பிடி, அது வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் போகிறது என்பது. கடத்தல் வெறும் வித்தியாசத்துக்கு நேர்விகிதம். நான்காம் அடுக்குகளின் வித்தியாசத்தைக் காரணிப்படுத்தி, இரண்டு பக்கமும் வெப்பநிலை வித்தியாசத்தால் வகுத்தால் இப்படி வரும்:

```
Q/ΔT = G + S·(T₁² + T₂²)·(T₁ + T₂)
```

இடப்பக்கம் இருப்பது கசிவு. `G` எல்லாக் கடத்தலும் சேர்ந்தது. `S` கதிர்வீச்சு. வெப்பநிலைகள் கெல்வினில். அடைப்புக்குள் இருப்பதைக் கிடையச்சில் போட்டு வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். சாய்வு கதிர்வீச்சைத் தரும், செங்குத்து அச்சை வெட்டும் இடம் கடத்தலைத் தரும். தாளில் அழகாகத்தான் இருக்கிறது.

வெந்நீர் ஆறும்போது இதைச் செய்தேன். 88 டிகிரியை ஒட்டிக் கசிவு 29, ஆறி 60 டிகிரிக்கு வந்தபோது 22. கோடு போட்டேன். சாய்விலிருந்து வந்த கதிர்வீச்சு மட்டுமே 88 டிகிரியில் 55 மில்லிவாட்! மொத்தமே 29 இருக்கும்போது அதில் ஒரு பகுதி 55. மீதியைச் சரிக்கட்டக் கடத்தல் எதிர்மறையாகப் போயிற்று. அதாவது மிச்சக் காற்று அறையிலிருந்து வெப்பத்தை எடுத்து வெந்நீரைச் சூடாக்குகிறதாம்.

என்ன ஆயிற்று என்று மூடியைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. மேலே கவிழ்க்கும் கப்பின் உட்புறம் முழுக்க நீர்த்துளி கோத்திருந்தது. ஆவி மூடியின் ஓரமாக மெல்லக் கசிந்து, கப்பில் போய்க் குளிர்ந்து, வெப்பத்தை அங்கே விட்டுக்கொண்டிருந்தது. நீராவி அழுத்தம் 60 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குள் மூன்றரை மடங்கு ஏறுகிறது. நான்காம் அடுக்கெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. ஆக வரைபடத்தில் கதிர்வீச்சு மாதிரி வேஷம் போட்டது ஆவி. கப்புக்கு மேல் 5 செ.மீ. தெர்மகோல் தொப்பி ஒன்று செய்து கவிழ்த்தேன். 12 மணி நேரக் கசிவு 26-லிருந்து 21-க்கு இறங்கியது. வெற்றிடத்தையும் தொடவில்லை, வெள்ளியையும் தொடவில்லை.

இதனால்தான் ஐஸ். உள்ளே குளிர் இருந்தால் இரண்டு தொல்லை ஒரே அடியில் போகும். ஆவி கிடையாது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் குப்பிக்குள்ளேயே படிந்து கிடக்கும், கழுத்து வழியாக மேலேறிச் சுழலாது. மூடியின் பங்கு ஒரு மில்லிவாட்டுக்கும் கீழே போய்விடும். இன்னொரு வசதி, உள்ளே வெப்பநிலை 0 டிகிரியிலேயே நிற்கும். தெர்மாமீட்டர் கம்பியை உள்ளே விட்டு அது கடத்தும் வெப்பத்துக்குத் தனிக் கணக்குப் போட வேண்டாம். கொதிநீரை நம்பினால் ஊருக்கு ஊர் மாறும். ஓசூர் மேட்டில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், தர்மபுரியில் 98-ஐத் தாண்டும். ஐஸுக்கு அந்தப் பேச்சே இல்லை. உள்ளே வந்த வெப்பம் எவ்வளவு என்பதை உருகிய தண்ணீரின் எடை சொல்லும்: ஒரு கிராமுக்கு 334 ஜூல்.

உள்ளே 0 டிகிரி நிலையாக இருப்பதால் மாற்ற வேண்டியது வெளியே. பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு, கண்ணாடி ரீஃபிலை மட்டும் எடுத்து, ஆய்வகத்தின் வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்தி வைத்தேன். தொட்டியை ஒருநாள் 30 டிகிரியில், இன்னொரு நாள் 55-இல், மற்றொரு நாள் 80-இல் நிறுத்தினேன். ரீஃபில் மிதக்கும். அதனால் ஒட்டுப்பலகையில் வட்டமாக ஓட்டை போட்டு, கழுத்தை அதில் மாட்டி, பலகையைத் தொட்டியின் மேல் கனம் வைத்து அழுத்தினேன். ஒன்று கவனம்: 0 டிகிரி குப்பியை நேராக 80 டிகிரி நீரில் இறக்காதீர்கள். மெல்லிய கண்ணாடி வெடித்தால் வெற்றிடம் இருப்பதால் உள்நோக்கி நொறுங்கித் தூள் பறக்கும். அறை வெப்பநிலை நீரில் வைத்துவிட்டுத் தொட்டியை மெல்லச் சூடாக்குங்கள். குறித்த வெப்பநிலைக்கு வந்த பிறகு ஐஸை நிறைத்துக் கணக்கைத் தொடங்கலாம். ரீஃபிலைச் சுற்றி நைலான் வலை, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை மூன்றும் வேண்டும். மாணவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஐஸ் விஷயத்தில் நான் மூன்று முறை ஏமாந்தேன். முதலாவது, ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் 0 டிகிரியில் இருக்காது, மைனஸ் 15, 18 என்று இருக்கும். வெளியிலிருந்து வரும் வெப்பத்தின் ஒரு பகுதி உருக்காமல் அதை 0-க்கு ஏற்றவே செலவாகும். நொறுக்கிய ஐஸைத் தண்ணீரில் கலந்து, ஓரம் பளபளவென்று ஈரமாகும்வரை வைத்திருந்து, வடிகட்டிப் போட வேண்டும். இரண்டாவது, மீன் மார்க்கெட் ஐஸ். கிருஷ்ணகிரி அணை மீன் வரும் பெட்டியில் கிடந்த ஐஸ் சும்மா கிடைக்கிறதே என்று வாங்கினேன். உப்பு சேர்ந்திருந்தால் அது 0 டிகிரியில் உருகாது. ஜூஸ் கடை ஐஸ் பரவாயில்லை, வீட்டில் சுத்தமான தண்ணீரில் உறைய வைத்தது இன்னும் நல்லது.

மூன்றாவதுதான் நாள் கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது. ஒரே வெப்பநிலையில் ஒருநாள் 66 கிராம், மறுநாள் 58 கிராம் என்று வரும். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி என்பது பாடத்தில் இருக்கிறது, நாமே நடத்துகிறோம். உருகிய நீர் குப்பியின் அடியில் தேங்கி, சுவர் வழியே வந்த வெப்பத்தில் 4 டிகிரிவரை சூடாகி, கனமாகிவிடுவதால் மேலே வராமல் அங்கேயே கிடக்கிறது. அந்த வெப்பம் ஐஸைப் போய்ச் சேரவே இல்லை. 66 கிராம் நீர் 4 டிகிரியில் கிடந்தால் 3 கிராமுக்கு மேல் ஐஸ் உருகாமல் தப்பும்; தொடங்கும்போது நீரைச் சரியாக வடிக்காமல் விட்டிருந்தால் இன்னும் கூடும். தீர்வு எளிது. வடிப்பதற்கு முன் குப்பியை ஒரு நிமிடம் மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். நீர் ஐஸோடு உரசி 0-க்கு வந்துவிடும், உருக வேண்டியது உருகிவிடும். தொடங்கும்போதும் இதையே செய்ய வேண்டும். அதன் பிறகு எடைகள் ஒரு கிராமுக்குள் ஒத்துப்போயின.

ஆக ஒரு ஓட்டம் இப்படி. குப்பி தொட்டியில் இருக்கும்போதே ஐஸை நிறைத்து இரண்டு மணி நேரம் விட்டு உட்கண்ணாடி முழுக்கக் குளிரட்டும். சுழற்றி, வலைச்சல்லடை வைத்துக் கவிழ்த்து இரண்டு நிமிடம் வடித்து, வெளிப்புறத்தைத் துடைத்து, எடை பார்த்து, தெர்மகோல் அடைப்பு வைத்து, அதன் மேல் தொட்டி ஆவி புகாமல் பிளாஸ்டிக் தாள் கட்டி, மறுபடி தொட்டியில் வைக்க வேண்டும். நேரம் முடிந்ததும் மறுபடி சுழற்றி, வடித்து, எடை பார்க்க வேண்டும். குறைந்த எடைதான் உருகியது. சமையலறைத் தராசு ஒரு கிராம் காட்டினால் போதும்.

எத்தனை மணி நேரம் என்பதிலும் ஒரு தந்திரம் உண்டு. சூட்டில் அதிகம் உருகினால் ஐஸ் மட்டம் இறங்கும், கழுத்துப் பக்கம் கண்ணாடி வெறுமையாகும், கடத்தல் பாதையே மாறிவிடும். எனவே எல்லா ஓட்டத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு உருகும்படி நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனேன்: 30 டிகிரிக்கு 24 மணி, 55 டிகிரிக்கு 12 மணி, 80 டிகிரிக்கு 8 மணி. 80 டிகிரி ஓட்டம் பகலிலேயே முடிந்துவிடுவதால் ராத்திரி கரண்ட் போய்த் தொட்டி ஆறிவிடுமே என்ற பயமும் இல்லை.

கிடைத்தவை: 30 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு 66 கிராம், 55 டிகிரியில் 12 மணி நேரத்துக்கு 64 கிராம், 80 டிகிரியில் 8 மணி நேரத்துக்கு 66 கிராம்.

வரைபடம் போடுவதற்கு முன்பே இந்த எண்களில் கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரிகிறது. டிகிரியையும் மணியையும் பெருக்கிப் பாருங்கள். 30 டிகிரியில் 24 மணி என்றால் 720. அதற்கு 66 கிராம். வெறும் கடத்தல் மட்டும் என்றால் அதே விகிதத்தில் 55 டிகிரி, 12 மணிக்கு (660) 60.5 கிராம்தான் உருக வேண்டும். 80 டிகிரி, 8 மணிக்கு (640) 58.7 கிராம். உண்மையில் 64, 66. கூடுதலாக உருகிய அந்த 3.5 கிராமும் 7 கிராமும்தான் நான்காம் அடுக்கின் கைரேகை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதை இப்படியே காட்டலாம், சூத்திரமே தேவையில்லை.

இனி சூத்திரம். எடைகளை 334-ஆல் பெருக்கி, நொடிகளால் வகுத்து, வெப்பநிலை வித்தியாசத்தால் வகுத்தால் கசிவு முறையே 8.5, 9.0, 9.57 மில்லிவாட். கிடையச்சில் அடைப்புக்குள் இருக்கும் பெருக்கல் 10 கோடிக் கணக்கில் 0.958, 1.095, 1.247. மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் உட்கார்ந்தன. சாய்வு 3.7, செங்குத்து அச்சை வெட்டும் இடம் 5.0. வெந்நீரில் எதிர்மறைக்குப் போன எண் இது. இங்கே ஒழுங்காக நேர்மறையில் வந்தது.

சாய்வு நியாயமானதா என்று சரிபார்க்க வழி இருக்கிறது. உட்குப்பியின் விட்டம் 9 செ.மீ., உயரம் 16 செ.மீ., எனவே பரப்பு சுமார் 0.05 சதுர மீட்டர். ஸ்டெஃபான் மாறிலியையும் இந்தப் பரப்பையும் வைத்துச் சாய்வை வகுத்தால் இரண்டு சுவரும் சேர்ந்த உமிழ்திறன் 0.013. எதிரெதிர் பார்க்கும் இரண்டு வெள்ளிச் சுவர்கள் ஏறக்குறைய ஒன்றின் உமிழ்திறனைப் பாதியாக்கும். ஆகவே ஒவ்வொரு பூச்சுக்கும் 0.026. மெருகேற்றிய வெள்ளிக்கு 0.02 என்று வைத்துக்கொள்வது வழக்கம். ரசாயன முறையில் கண்ணாடியில் படிய வைத்த பூச்சுக்கு 0.026 என்பது நம்பும்படியான எண். 0.2 என்றோ 0.005 என்றோ வந்திருந்தால் சோதனையில் எங்கோ ஓட்டை என்று அர்த்தம்.

இப்போது அந்த 5.0-ஐப் பிளக்க வேண்டும். அதில் கழுத்துக் கண்ணாடியும் மிச்சக் காற்றும் சேர்ந்திருக்கின்றன. இரண்டுமே வித்தியாசத்துக்கு நேர்விகிதம், எனவே வெப்பநிலையை எவ்வளவு மாற்றினாலும் பிரியாது. இங்கே அளவுகோல்தான் துணை. அதே வகை ரீஃபில் ஒன்று முன்பே உடைந்து கிடந்தது. கழுத்துத் துண்டைப் பொறுக்கி வெர்னியரில் பிடித்தேன். தடிமன் 0.9 முதல் 1.2 மி.மீ. வரை, ஊதிச் செய்த கண்ணாடி ஒரே சீராக இருக்காது. சராசரி 1 மி.மீ., விட்டம் 4 செ.மீ., ஐஸிலிருந்து விளிம்புவரை 5 செ.மீ. கண்ணாடியின் கடத்துத்திறன் 1.1 என்று வைத்தால் கழுத்துக்கு 2.8 மில்லிவாட். இரண்டு குப்பியும் முட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே மூன்று சிறு அட்டைத் துண்டு மாதிரி வைத்திருப்பார்கள், அதற்கு ஒரு 0.4. ஆக 3.2. மீதி 1.8 மிச்சக் காற்று.

1.8 மில்லிவாட் என்றால் உள்ளே என்ன அழுத்தம்? வெற்றிடம் இவ்வளவு ஆழமாக இருக்கும்போது காற்று வழக்கம்போல் கடத்துவதில்லை. 0.03 பாஸ்கலில் ஒரு மூலக்கூறு இன்னொன்றை மோதாமல் இருபது செ.மீ.க்கு மேல் போகும். சுவர் இடைவெளியோ 4 மி.மீ. எனவே ஒவ்வொரு மூலக்கூறும் சூடான சுவரிலிருந்து நேராகக் குளிர்ந்த சுவருக்குப் பறந்து, தன் பங்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. இடைவெளி 4 மி.மீ.யா 8 மி.மீ.யா என்பது அப்போது முக்கியமே இல்லை, எத்தனை மூலக்கூறு இருக்கிறது என்பதுதான் கணக்கு. சாதாரணக் காற்றுக்கு இது ஒரு பாஸ்கலுக்கு, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 1.2 வாட். நம் 0.05 சதுர மீட்டருக்கு 1.8 மில்லிவாட் என்றால் அழுத்தம் 0.03 பாஸ்கல். வளிமண்டலத்தில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு.

இதைத் தலைகீழாகப் படித்தால் ஒரு விஷயம் புலப்படும். அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கடத்தலும் கூடிக்கொண்டே போகும். ஆனால் சில பாஸ்கல் தாண்டியதும் மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே முட்டிக்கொள்ளத் தொடங்கி, நூறு பாஸ்கலை ஒட்டி வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். அதற்கு மேல் சாதாரணக் காற்று கடத்தும் அளவுதான், நம் குப்பிக்கு 350 மில்லிவாட். அதாவது காற்றில் 99.9 சதவீதத்தை உறிஞ்சி எடுத்தாலும் பயன் பெரிதாக இல்லை. பயன் முழுக்க அந்தக் கடைசித் துளியில் இருக்கிறது. கடையில் ஃபிளாஸ்க் அடியில் உள்ள மூக்கு நுனி கொஞ்சம் விரிசல் விட்டாலும் "பாதி வெற்றிடம் இருக்குமே" என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

எண்கள் எவ்வளவு உறுதி? உருகிய எடையில் ஒரு கிராம் தவறலாம், தொட்டியில் அரை டிகிரி தவறலாம். சாய்வு 3.7 என்பது 3-ஆகவும் இருக்கலாம், 4.4-ஆகவும் இருக்கலாம். மிச்சக் காற்றுக்கு 1.8 என்பது கழித்துக் கழித்து வந்த மீதி. எனவே அதன் மேல் எல்லாப் பிழையும் வந்து விழுந்திருக்கிறது. 1-க்கும் 3-க்கும் நடுவே எங்கோ என்று எழுதுவதுதான் நேர்மை. கதிர்வீச்சு காற்றைவிடப் பெரிது என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு பொறி இன்னும் இருக்கிறது. தொட்டி 80 டிகிரிக்குப் போகும்போது வெளிக்கண்ணாடியில் ஒட்டிக்கிடந்த நீர்மூலக்கூறுகள் பிய்ந்து வெற்றிடத்துக்குள் வரலாம். அப்போது காற்றுக் கடத்தல் கூடும்; அது சூட்டோடு சேர்ந்து கூடுவதால் வரைபடத்தில் கதிர்வீச்சாகத் தெரியும். வெந்நீர்ச் சோதனையில் ஆவி செய்த அதே வேலை. கண்டுபிடிக்க, கடைசியில் மறுபடி 30 டிகிரி ஓட்டம் ஒன்று செய்ய வேண்டும். வந்த வாயு உடனே போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளாவிட்டால் எண் உயர்ந்து நிற்கும். என் ரீஃபிலுக்கு 66 கிராம் 67 ஆயிற்று, சரி. வீட்டுப் பரணில் கிடந்த பழைய ரீஃபில் ஒன்றை இதே மாதிரி சுட்டபோது திரும்பி வந்தது 74. அதன் சாய்வை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

இப்போது உங்கள் 26-க்குத் திரும்புவோம். உங்கள் ரீஃபிலும் இதே மாதிரி என்று வைத்துக்கொண்டால், உள்ளே 90, வெளியே 30 என்ற நிலையில் கதிர்வீச்சு 5.5 மில்லிவாட் ஆகும். சூடு கூடியதால் ஐஸில் பார்த்ததைவிட அதிகம். கழுத்துக் கண்ணாடி 3.2. மிச்சக் காற்று 1.8. சுவர் எல்லாம் சேர்ந்து 10.5, அதாவது தனியாகப் பார்த்தால் வெப்பத் தடை ஒரு வாட்டுக்கு 95 டிகிரி. மீதி 15.5-உம் மூடியும் ஆவியும். மூடி மட்டும் கச்சிதமாக இருந்திருந்தால் மாலை 6 மணிக்கு உங்கள் தெர்மாமீட்டர் 75.5-க்குப் பதில் 83, 84 காட்டியிருக்கும்.

வெள்ளி இல்லாமல் வெறும் கண்ணாடி என்றால் என்ன ஆகும் என்றும் மாணவர்கள் கேட்பார்கள். கண்ணாடியின் உமிழ்திறன் 0.9. கதிர்வீச்சு மட்டும் 20 வாட்டைத் தாண்டும். வெள்ளியை வைத்துவிட்டு வெற்றிடத்தை எடுத்தாலும் காற்று வழியே போவது ஏறக்குறைய அதே 20 வாட்தான். ஒன்றை மட்டும் செய்தால் பாதிக் கசிவு அப்படியே நிற்கும். 1892-இல் ஜேம்ஸ் டூவர் இரட்டைச் சுவர்க் குப்பியைச் செய்தது திரவக் காற்றை வைத்துக்கொள்ள. சுவர்களில் பூச்சு, நடுவே வெற்றிடம் என்று இரண்டையும் சேர்க்க வேண்டியிருந்ததற்குக் காரணம் இந்த இரண்டு இருபதுகள்தான்.

வெற்றிடம் பழுதா வெள்ளி பழுதா என்று ஐஸ் சோதனையிலேயே தெரியும். வெற்றிடம் கெட்டால் வெட்டும் இடம் உயரும், சாய்வு மாறாது. வெள்ளி கறுத்தால் சாய்வு உயரும், வெட்டும் இடம் மாறாது. வெற்றிடம் முழுக்கப் போன ரீஃபிலுக்கு ஐஸ்கூடத் தேவையில்லை. வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடத்தில் வெளிக்கண்ணாடியைத் தொட்டால் அடி முதல் தோள்வரை கையில் சூடு தெரியும். நல்ல ரீஃபிலில் வாய் விளிம்பு மட்டும்தான் சுடும், அந்தச் சூடு கழுத்து வழியே வந்தது.

உங்கள் பள்ளியில் ஸ்டீல் ஃபிளாஸ்க்தான் இருக்கிறது என்றால் இந்த முறையை அதில் முயல வேண்டாம். உடையாது என்பது உண்மை. ஆனால் ஸ்டீலின் கடத்துத்திறன் கண்ணாடியைவிடப் பதின்மூன்று மடங்கு. 0.4 மி.மீ. தகட்டில் செய்த 3 செ.மீ. நீளக் கழுத்து மட்டுமே 25, 30 மில்லிவாட் கடத்திவிடும். அதன் நடுவே 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது கதிர்வீச்சில் ஏற்படும் ஒரு மில்லிவாட் ஏற்றத்தைத் தேட வேண்டும். தராசின் ஒரு கிராம் தவறிலேயே அது மறைந்துவிடும். கண்ணாடி ரீஃபில் தனியாகப் பாத்திரக் கடையில் கிடைக்கும், அதையே வாங்குங்கள். வாங்கும்போது வெளிச்சத்தில் வாய்க்குள் எட்டிப் பாருங்கள்: வெள்ளியில் ஊசித்துளை மாதிரி ஒளி தெரிகிற ரீஃபில் வேண்டாம்.